தரவுத்தளத்தில் தானியங்கி ஃபெயிலோவர்

முதன்மைத் தரவுத்தளச் சர்வர் நின்றுபோனால், ஆள் தலையிடாமலே அதன் நகல்களில் ஒன்றை முதன்மையாக்கும் ஏற்பாடு தானியங்கி ஃபெயிலோவர். புதிய முதன்மையைத் தேர்ந்தெடுப்பது இதில் எளிய பகுதி. பழையது எழுதுவதை நிறுத்திவிட்டதா என்று உறுதிசெய்வதுதான் கடினம். மறுமுனையிலிருந்து பதில் வராதபோது, அந்தச் சர்வர் இறந்துவிட்டதா அல்லது இடையிலுள்ள நெட்வொர்க் மட்டும் அறுந்ததா என்பதை இம்முனையிலிருந்து அறிய வழியில்லை. நெட்வொர்க் மட்டும் அறுந்திருந்தால் இரண்டு முதன்மைகள் உருவாகி, 501 என்ற ஒரே ஆர்டர் எண்ணை இரு வேறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிடும். இந்த நிலைக்கு ஸ்ப்ளிட் பிரெயின் என்று பெயர்.

இதற்கு ஒரு பெரிய விடை 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ்கிளஸ்டரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் வாக்கு உண்டு. பெரும்பான்மை வாக்குகளைக் காணும் பக்கம் மட்டுமே இயங்கும், மற்றது அப்படியே உறைந்து காத்திருக்கும். இரண்டே கணினிகள் இருந்தால் எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை கிடைக்காது. அதனால் இரண்டும் இணைந்திருக்கும் ஒரு வட்டுக்கு மூன்றாவது வாக்கு தரப்பட்டது. இன்றும் கிளஸ்டரில் ஒற்றைப்படையில் வாக்காளர்களை வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

பெரும்பான்மையை இழந்த சர்வர் அதைத் தானே உணராமல் போகலாம். இதற்குத் துணையாகப் பயன்படுவது குத்தகை முறை. ஸ்டான்ஃபோர்டில் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989இல் இதை விவரித்தார்கள். உரிமை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படும், புதுப்பிக்காவிட்டால் தானே காலாவதியாகும். போஸ்ட்கிரெஸுக்கான பட்ரோனி மென்பொருள் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அதன் இயல்பு அமைப்பில் தலைமைச் சாவியின் ஆயுள் 30 நொடி, முதன்மை அதை 10 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். புதுப்பிக்க முடியாத முதன்மை தன்னையே பதவி இறக்கிக்கொள்ளும். சாவி காலாவதியான பிறகே நகல் அதை எடுக்க முடியும். பட்ரோனியே உறைந்துவிட்டால் பதவி இறக்க ஆளிருக்காது. அந்த நிலைக்காக லினக்ஸின் வாட்ச்டாக், சாவி காலாவதியாவதற்கு 5 நொடி முன்பே முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்யுமாறு அமைக்கலாம். இது இல்லாமல் இயக்குவது சரியல்ல என்பதே என் துணிபு.

வாக்கும் குத்தகையும் யார் எழுதலாம் என்பதை மட்டுமே முடிவு செய்கின்றன. பழைய முதன்மையிடம் மட்டுமே இருக்கும் எழுத்துகளை அவை காப்பாற்றுவதில்லை. இதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் நடந்தது. பழுதான 100 ஜிகாபிட் ஒளியியல் கருவியை மாற்றியபோது, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைத் தரவு மையத்துடனான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. மைஎஸ்கியூஎல் கிளஸ்டர்களைக் கண்காணித்த ஆர்கெஸ்ட்ரேட்டர் ராஃப்ட் முறையில் வாக்கெடுப்பது. மேற்குக் கடற்கரையிலும் கிழக்கின் பொது கிளவுடிலும் இருந்த அதன் கணுக்கள் பெரும்பான்மை பெற்று, முதன்மைகளை மேற்குக்கு மாற்றின. வாக்கெடுப்பு விதிப்படியே நடந்தது. ஆனால் நகலெடுப்பு ஒத்திசைவற்றதாக இருந்ததால், கிழக்கில் எழுதப்பட்ட சில நொடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. இணைப்பு மீண்டதும் புதிய எழுத்துகள் மேற்கில் குவிந்தன. இரு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு இருந்ததால் பின்வாங்கவும் வழியில்லை.

இப்படிப் பிரிந்துவிட்டதைக் கண்டறிய, மைஎஸ்கியூஎலில் இரு சர்வர்களின் ஜிடிஐடி தொகுதிகளை ஒப்பிடுவார்கள்:

```
SELECT GTID_SUBTRACT('<old_set>', '<new_set>');
```

முடிவு வெறுமையாக இருந்தால் பழைய முதன்மையை நகலாகச் சேர்க்கலாம். ஏதேனும் வந்தால், அவை பழையதில் மட்டுமே உள்ள எழுத்துகள். அதைச் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும்.

கிட்ஹப் மேற்கின் புதிய தரவைக் காப்பது என்று முடிவெடுத்து, பல டெராபைட் காப்புநகல்களிலிருந்து கிழக்கை மீட்டது. சேவை 24 மணி 11 நிமிடம் பாதிக்கப்பட்டது. மிகுந்த பளுவுள்ள கிளஸ்டர்களில் ஒன்றில் மேற்குக்குச் சேராதவை 954 எழுத்துகள். தரவை விட்டு நேரத்தை மிச்சப்படுத்தாதது நேர்மையான தேர்வு. இதன் பின், வட்டார எல்லை தாண்டி முதன்மையை உயர்த்தாதபடி ஆர்கெஸ்ட்ரேட்டரின் அமைப்பை மாற்றினார்கள்.

அந்த எல்லையைத் தாண்டியும் எழுத்து இழக்காதிருக்க வேண்டுமானால், ஒத்திசைந்த நகலெடுப்பு வேண்டும். அப்போது ஒவ்வொரு எழுத்தும் மறு கடற்கரையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். போய்வர ஏறத்தாழ 60 மில்லிநொடி ஆகும். நகலுடன் தொடர்பு அறுந்தால் முதன்மையும் எழுத்தை நிறுத்தும்.