மங்கலான முகம், தெளிவான முகம்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் இணையத்தில் ஒரு படம் பரவியது. இடப்பக்கம், கட்டம் கட்டமாக மங்கிக் கிடக்கும் ஒரு முகம். வலப்பக்கம், அதைக் கணினி நிரல் ஒன்று தெளிவாக்கித் தந்த முகம். இடப்பக்கத்து முகம் பராக் ஒபாமாவுடையது என்பது பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. வலப்பக்கம் இருந்தவரோ யாரென்றே தெரியாத ஒரு வெள்ளையர். மங்கல் படத்தில் ஆளைத் தெரிகிறது. தெளிவான படத்தில் ஆளே மாறிவிட்டார்.

அந்த நிரலின் பெயர் பல்ஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. படத்தைப் புரிந்துகொள்வது, படத்தை உருவாக்குவது என்ற இரண்டு திறன்களையும் நாம் எங்கே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மங்கல் படத்தில் இருப்பவர் யாரென்று அந்த நிரல் கண்டுபிடித்துச் சொல்லும் என்று பலர் நினைத்தார்கள். அது செய்த வேலை முற்றிலும் வேறு.

முதலில் புரிந்துகொள்ளும் பக்கத்தைப் பார்ப்போம். 1973இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகக் குறைத்து வெளியிட்டார். அருகில் வைத்துப் பார்த்தால் வெறும் கட்டங்கள்தான். கொஞ்சம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன் தெரிகிறார். தெரிந்த முகத்தை அடையாளம் காண நமக்கு மிகக் குறைந்த தகவலே போதும். நெற்றியின் அகலம், கண் இருக்கும் இடம், தாடையின் நிழல் ஆகியவை எப்படி அமைந்திருக்கின்றன என்று தெரிந்தால் சரி. புருவத்தில் எத்தனை முடி இருந்தால் நமக்கென்ன?

முகத்தை அடையாளம் காணும் கணினி நிரலும் இப்படித் தேவையில்லாததைக் கழிக்கத்தான் கற்றுக்கொள்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட், ஒரு முகப்படத்தை வெறும் 128 எண்களாகச் சுருக்கியது. ஒரே ஆளின் இரண்டு படங்களையும் வேறொருவரின் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து அதைப் பயிற்றுவித்தார்கள். ஒரே ஆளின் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்க வேண்டும், வேறு ஆளின் எண்கள் விலக வேண்டும். இப்படிப் பல லட்சம் முறை திருத்தத் திருத்த, வெளிச்சம், முகம் திரும்பிய கோணம், அன்றைக்குப் போட்டிருந்த சட்டை எல்லாம் அந்த 128 எண்களிலிருந்து பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ஆள் யார் என்பது மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு படங்களின் எண்களுக்கு இடையிலான தூரம் ஓர் எல்லைக்குள் இருந்தால் ஒரே ஆள். அதைத் தாண்டினால் இல்லை. அதாவது, ‘இவரை எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல இந்த நிரலுக்கு ஒரு வழி இருக்கிறது.

பல்ஸ் எதிர்த்திசையில் போகிறது. 16 வரிசை, வரிசைக்கு 16 கட்டம் என்ற அளவிலான படத்தைக்கூட, ஒவ்வொரு பக்கமும் 1024 புள்ளிகள் கொண்ட படமாக அதனால் ஆக்க முடியும். கணக்குப் போட்டால், உள்ளே போன ஒவ்வொரு கட்டத்துக்கும் 4096 புள்ளிகள் வெளியே வருகின்றன. இவ்வளவு விவரமும் அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் இருந்திருக்க முடியாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது?

பல்ஸுக்குள் ஸ்டைல்கேன் என்ற இன்னொரு நிரல் இருக்கிறது. ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகப்படங்களைப் பார்த்துப் பழகி, உலகில் இல்லாத மனித முகங்களை வரையக் கற்றது அது. பல்ஸ் முதலில் ஏதோ ஒரு முகத்தை அதனிடம் வரையச் சொல்கிறது. வந்த முகத்தை மங்கல் படத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறது. நாம் கொடுத்த கட்டங்களோடு நிறம் ஒத்துப்போகிறதா? போகவில்லை என்றால் முகத்தைக் கொஞ்சம் மாற்றி வரையச் சொல்லி மறுபடி சுருக்குகிறது. கட்டங்கள் பொருந்தும்வரை இதுதான் நடக்கிறது.

ஆகவே அந்த வெள்ளையரின் படத்தைச் சுருக்கினால் கிட்டத்தட்ட அதே ஒபாமா கட்டங்கள்தான் வரும். தனக்கு இட்ட வேலையை நிரல் சரியாகவே செய்திருக்கிறது. ஒரே மங்கல் படமாகச் சுருங்கக்கூடிய தெளிவான முகங்கள் கணக்கின்றி உண்டு. அவற்றில் எது கைக்கு முதலில் அகப்படும் என்பதைப் பழகிய படங்கள்தான் தீர்மானிக்கின்றன. பல்ஸ் வெள்ளையர் முகங்களையே அதிகம் தருகிறது என்று அதை உருவாக்கியவர்களே பிறகு எழுதினார்கள். இது இல்லாத மனிதர்களின் முகங்களைத்தான் தரும், யாரையும் அடையாளம் காண உதவாது என்ற குறிப்பையும் நிரலோடு வைத்திருந்தார்கள். பரவிய படத்தோடு அந்தக் குறிப்பு பரவவில்லை.

இரண்டு திறன்களையும் மதிப்பிடும் முறையே வேறு. ஃபேஸ்நெட்டிடம் இரண்டு படங்களைக் கொடுத்தால் அதன் விடை சரி அல்லது தவறு, படத்துக்குப் படம் சரிபார்க்கலாம். படம் உருவாக்கும் நிரல்களுக்கு 2017 முதல் பரவலாகப் பயன்படும் மதிப்பெண் ஒன்று உண்டு. அது உருவான படங்களின் கூட்டத்தையும் உண்மைப் படங்களின் கூட்டத்தையும் எதிரெதிரே வைத்து, இரண்டு கூட்டமும் மொத்தத்தில் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கிறது. இந்தத் தனி முகம் உண்மையா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்த ஒப்பீட்டைச் செய்வது, படத்தில் இருப்பது நாயா பூனையா என்று பிரித்தறியப் பழகிய வேறொரு நிரல். உருவாக்கும் திறனுக்கு மதிப்பெண் போடுவதே புரிந்துகொள்ளும் திறன்தான்.

தவறும் விதத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. படம் மங்க மங்க, அடையாளம் காணும் நிரலின் தூரக் கணக்கு தடுமாறும். எல்லை ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தால் விடை ‘தெரியவில்லை’ என்றாவது வரும். அதன் எல்லையைத் தளர்த்தி வைத்தால் தவறான ஆளைக் காட்டிக்கொடுக்கும், அந்த ஆபத்தும் சிறியதல்ல. உருவாக்கும் நிரலிடம் தடுமாற்றம் வெளியே தெரியாது. எவ்வளவு மங்கிய படம் போனாலும் அதே பளிச்சென்ற முகம்தான் வரும். நம் கண்ணோ பளிச்சென்று இருப்பதை நம்பிப் பழகியது. கண்காணிப்பு கேமராவில் பதிந்த மங்கல் முகத்தையோ வண்டி எண்ணையோ இப்படித் தெளிவாக்கி ஒருவரைக் குற்றம்சாட்டுவது எனக்கு அச்சமூட்டுகிறது. அந்த எண்ணில் தெளிவாகத் தெரியும் 8, கேமரா பார்த்த 8 அல்ல. அந்த இடத்தில் 3கூட வந்திருக்கலாம்.

இன்று கைபேசியில் ஒரே செயலி படத்தைப் படித்தும் சொல்கிறது, திருத்தியும் தருகிறது. அதனால் எந்த வேலை நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிட்டது. தாத்தாவின் பழைய படத்தைத் தெளிவாக்கக் கொடுக்கிறவர்கள் ஒரு சோதனை செய்யலாம். அதே படத்தை மூன்று நான்கு முறை தனித்தனியாகக் கொடுத்து, வந்தவற்றை அருகருகே வையுங்கள். காதின் வடிவமோ பல்வரிசையோ ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தால், அவை தாத்தாவுடையவை அல்ல, நிரல் சேர்த்தவை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வருவது உண்மை என்று ஆகிவிடாது. பல்ஸ் வெள்ளை முகங்களின் பக்கம் சாய்ந்ததைப் போல, நிரல் தன் பழக்கத்தைத் திரும்பத் திரும்பத் தந்திருக்கவும் கூடும். அதைத் தீர்க்க, அவருடைய வேறொரு படமோ அவரை நேரில் பார்த்த ஒருவரோ வேண்டும். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.