வாலறுந்த வாக்கியம்: பினாங்குக் கடிதங்களின் இறுதி வரி குறித்த ஓர் ஆய்வு

"அவெயிட்டிங் யுவர் ஏர்லி ரிப்ளை", "தேங்க்கிங் யூ இன் அட்வான்ஸ்" என்று கடிதத்தை முடித்தால் ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் கோடிடுவார்கள். கோடு சரியானதே. ஆனால் இவ்வரிகளை அரைகுறை ஆங்கிலத்தின் விளைவாகக் கருதுவது தவறு. தோன்றிய காலத்தில் இவை இலக்கணம் பிசகாத தொடர்கள். பின்னால் வந்த பகுதி அறுந்தபிறகே பிழையாயின.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்ததிலிருந்து தீவின் நிர்வாகம் கடிதங்களால் நடந்தது. கல்கத்தாவிலிருந்த கம்பெனி மேலிடத்துக்கு எழுதும் மடலுக்கு வரையறுத்த முடிவு இருந்தது: "ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சர், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்." 'தங்கள் பணிவுள்ள ஊழியனாய் இருக்கும் பெருமை எனக்குண்டு' என்பது பொருள். வணிகர் மடல்களில் இது "ஐ ரிமெய்ன், சர், யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்று சற்றுக் குறுகி வந்தது. எந்த வடிவமாயினும் அது ஒரு முழு வாக்கியம். எழுவாய் 'ஐ', பயனிலை 'ஹேவ்' அல்லது 'ரிமெய்ன்'.

'அவெயிட்டிங்' இந்த வாக்கியத்தின் தலையில் வந்து அமர்ந்த சொல். "அவெயிட்டிங் யுவர் ஏர்லி ரிப்ளை, ஐ ரிமெய்ன், சர், யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்பதில் காத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு 'ஐ' விடை தருகிறது. கையால் எழுதிய காலத்தில் இவ்வாக்கியத்தைப் படிப்படியாக வலப்பக்கம் இறக்கி எழுதினார்கள். கடைசிப் படியில் கையெழுத்து. கடிதத்தின் உடலும் கையொப்பமும் ஒரே மூச்சில் முடிந்தன.

1816இல் ஜார்ஜ் டவுனில் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் போன்ற பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாயினர். அவர்களில் தமிழரும் இருந்தனர். நம்மவர் வழக்கில் அவர்கள் கிராணிமார். மாதிரி மடலைப் பார்த்து எழுதுவதே அன்றைய அலுவலகப் பயிற்சி. எனவே முடிவு வரி கை மாறிக் கை மாறிப் பிழைத்தது.

பிறகு பணிவுத் தொடர் சுருங்கியது. 'ஐ ரிமெய்ன்' மறைந்து, "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" தனி வரியாகக் கீழே நின்றது. அதில் எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. ஆனால் மேலே இருந்த 'அவெயிட்டிங்' அப்படியே தங்கிவிட்டது. இந்த மாற்றத்தை ஒரு நிறுத்தக்குறி காட்டிக்கொடுக்கிறது. 'ரிப்ளை' என்பதற்குப் பின் காற்புள்ளி இருந்து, அடுத்து 'ஐ' வந்தால் அது பழைய முழு வாக்கியம். முற்றுப்புள்ளி வந்தால் துண்டு வாக்கியம். பழைய மடல்களைப் படிப்பவர்கள் முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேட வேண்டும்.

எழுவாயின்றித் தொங்கும் இத்தகைய எச்சங்களை ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில் விரிவாகக் கண்டித்தனர். பிரிட்டிஷ் கருவூலத்துறை கேட்டுக்கொண்டதால் எர்னஸ்ட் கவர்ஸ் அரசு ஊழியர்களுக்காக எழுதிய 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' 1948இல் வெளிவந்து, அலுவலக நடைக்கே எளிமையைக் கோரியது.

திருத்தும் முறையை ஒரு கற்பனை மடலில் காண்போம். லெபு பசாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் உரிமப் புதுப்பிப்பு பற்றி மாநகர் மன்றத்துக்கு எழுதுகிறார். "அவெயிட்டிங் யுவர் ஏர்லி ரிப்ளை" என்பதை "ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் 'ஏர்லி' எந்த நாள் என்று பெறுபவருக்குத் தெரியாது. உரிமம் ஜூன் 30இல் முடிகிறதென்றால், "உரிமம் ஜூன் 30இல் காலாவதியாகிறது, ஜூன் 20க்குள் பதில் கிடைத்தால் கட்டணத்தைச் செலுத்த இயலும்" என்று எழுதுவதே முழுத் திருத்தம். நாளும் காரணமும் வந்துவிட்டால் 'விரைவான' என்ற சொல்லுக்கு வேலையில்லை.

'தேங்க்கிங் யூ இன் அட்வான்ஸ்' இன்னும் சிக்கலானது. "ஐ தேங்க் யூ இன் அட்வான்ஸ்" என்று எழுவாய் சேர்த்தாலும், இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒருவரை ஒப்புக்கொண்டவராக வைத்துப் பேசும் குறை நீங்காது. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கையில் "ஐ ஷுட் பி கிரேட்ஃபுல் இஃப்" என்று தொடங்கிக் கேட்பதைச் சொல்வது தகும். உதவுவதாக அவர் முன்பே சொல்லியிருந்தால் 'தேங்க் யூ' மட்டும் போதும்.

பினாங்கில் இவ்வரி விடாப்பிடியாக நிற்பதற்கு மலாய் அலுவலக மடலும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அங்கே "கெர்ஜாசாமா துவான் டிடாஹுலுய் டெங்கான் உச்சாப்பான் தெரிமா காசே" என்று ஒத்துழைப்புக்கு முன்நன்றி கூறுவது மரபான மரியாதை. அதன் கீழ் "செக்கியான், தெரிமா காசே" என்று மீண்டும் நன்றி வரும். மலாயில் இவ்விரண்டும் இயல்பானவை. காலையில் மலாயிலும் மாலையில் ஆங்கிலத்திலும் எழுதும் கை அம்மரியாதையை இங்கும் கொண்டுவருகிறது.

தமிழ் மடலில் "தங்கள் பதிலை எதிர்நோக்கி" என்று எழுதி, அடுத்த வரியில் "இப்படிக்கு" என்று போட்டால் வினையெச்சம் அதேபோல் முடிக்கும் வினையின்றி நிற்கும். "தங்கள் பதிலை எதிர்நோக்கும்" என்று பெயரெச்சமாக்கி, அதன்கீழ் நேராகக் கையொப்பமிட்டால் எழுதியவரின் பெயரே தொடரை முடித்துவிடும்.