சப்ஜா விதை சர்பத்

திருநீற்றுப்பச்சிலைச் செடியின் விதைகளை நீரில் ஊறவைத்து, நன்னாரிப் பாகு, எலுமிச்சைச் சாறு அல்லது ரோஜாப் பாகுடன் கலந்து அருந்தும் கோடைக்காலப் பானம். தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி போன்ற வறண்ட வெயில் ஊர்களுக்குப் பொருத்தமான பானம் இது. இதன் குளிர்ச்சி பெரும்பாலும் விதை பிடித்து வைத்திருக்கும் தண்ணீரால் வருவதே.

இச்செடியின் தாவரவியல் பெயர் ஓசிமம் பசிலிக்கம். லின்னேயஸ் 1753இல் இப்பெயரைச் சூட்டினார். துளசியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் இனம் வேறு. இரண்டும் புதினாக் குடும்பத்துச் செடிகள். அக்குடும்பத்தின் இயல்புப்படி ஒவ்வொரு பூவிலிருந்தும் நான்கு சிறு கொட்டைகள் உண்டாகின்றன. நாம் விதை என்று வாங்குவது உண்மையில் அந்தக் கொட்டைக்கனியைத்தான். இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் ஊறும்போது உப்புவது உள்ளிருக்கும் பருப்பு அன்று, கனியின் வெளித்தோல்தான். அத்தோலின் செல்களில் நீரை ஈர்க்கும் சர்க்கரைச் சங்கிலிகள் உலர்ந்து ஒடுங்கிக் கிடக்கின்றன. ஈரம் பட்டதும் அவை விரிந்து செல்களை உடைத்துக்கொண்டு வெளிவந்து, கொட்டையைச் சுற்றி வழுவழுப்பான கூழாக நிற்கின்றன. மண்ணில் விழுந்த விதை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தக்கவைக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. ஈரான், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் ஓசிமம் பேரின விதைகளை இப்படியே ஊறவைத்து இனிப்புப் பானங்களில் சேர்க்கிறார்கள். வட இந்தியப் பலூடாவிலும் சப்ஜாவுக்கு இடம் உண்டு.

இதே உப்பும் தன்மைதான் ஆபத்துக்கும் காரணம். உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால், உப்புதல் டம்ளரில் நடப்பதற்குப் பதிலாக உணவுக்குழாயில் நடக்கிறது. குழாய் இயல்பாகவே குறுகும் இடங்களில் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. இறங்கட்டும் என்று மேலும் தண்ணீர் குடித்தால் கட்டி மேலும் பெருக்கலாம். இங்கே வீங்குவது விதையே. தொண்டைத் தசை அன்று. உதடும் நாக்கும் வீங்கி, உடலில் தடிப்பும் தோன்றினால் அது ஒவ்வாமை. அது வேறு நோய், அதற்குச் சிகிச்சையும் வேறு.

உலர்ந்த விதை உணவுக்குழாயை அடைப்பதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சப்ஜாவைப் போலவே உப்பும் சியா விதையால் நேர்ந்தது. அமெரிக்காவில் 39 வயது ஆண் ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கி, உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். உணவுக்குழாய் அடைத்துக்கொண்டது. உப்பிய கூழைச் சாதாரணக் கருவியால் நகர்த்த முடியவில்லை. கடைசியில் குழந்தைகளுக்கான மெல்லிய உள்நோக்கியால் அதைச் சிறிது சிறிதாக இரைப்பைக்குள் தள்ளினார்கள். 2014இல் இரைப்பைக் குடல் மருத்துவர்களின் மாநாட்டில் இது விவரிக்கப்பட்டது. அவருக்கு முன்பே விழுங்குவதில் லேசான சிரமம் இருந்ததும் கவனிக்கத்தக்கது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதனால்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஒரு டம்ளர் சர்பத்துக்கு ஒரு தேக்கரண்டி விதை போதும். விதையை முதலில் வெறும் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். கால் லிட்டர் தண்ணீர் தாராளமானது. பாகில் நேரடியாகப் போட்டால், நீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்வதால் விதை சரியாக உப்புவதில்லை. பனிக்கட்டித் தண்ணீரிலும் தாமதமாகும். விதையைத் தூவும்போதே கரண்டியால் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்க விதைகள் முதலில் உப்பி ஒட்டிக்கொள்ள, நடுவில் உள்ளவை உலர்ந்தே கிடக்கும். மேலே நன்கு ஊறியதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆபத்து மறைந்திருக்கும் நிலை இதுதான். ஐந்து நிமிடத்திலேயே விதை பெருத்ததாகத் தோன்றும். ஆனாலும் இடையில் இருமுறை கலக்கி, இருபது நிமிடமாவது விடுவது நல்லது. ஊறிய விதை தவளை முட்டையைப் போல, நடுவில் கரும்புள்ளியும் சுற்றிலும் சாம்பல் வெண்மையான கூழுமாகத் தெரியும். விரலிடையே தேய்த்தால் வழுக்க வேண்டும். நறநறவென்று பட்டாலோ, கட்டியைப் பிரிக்கும்போது உலர்ந்த கறுப்பு விதை தென்பட்டாலோ இன்னும் ஊறவில்லை என்று பொருள்.

குடித்தபின் நெஞ்சில் அடைப்பு உண்டாகி எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால், எதையும் குடிக்கக் கொடுக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சோ பேச்சோ தடைப்பட்டால் 108ஐ உடனே அழைக்க வேண்டும்.

நார்ச்சத்தைப் பொறுத்தவரை, கூழ் கரையும் நாராகவும் உள்ளோடு கரையாத நாராகவும் செயல்பட்டு மலத்தை இளக்குகின்றன. போதிய தண்ணீர் இல்லாமல் அதிகம் உண்டால் வயிறு உப்பி மலம் கட்டும். கூழ் மருந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், மாத்திரைக்கும் சர்பத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும்.