ஃப்ரிட்ஜ் திரும்பத் திரும்ப பழுதா? நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதுவது எப்படி, எந்தெந்த ஆவணங்களை இணைக்க வேண்டும்?

புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜ் சில மாதங்களிலேயே கூலிங் ஆகவில்லை. சர்வீஸ் ஆள் வருகிறார், "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அதே பிரச்சனை. இப்படியே வாரண்டி முடிந்ததும், "இனிமே காசு கட்டணும்" என்று பதில் வருகிறது. இந்த நிலையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அந்தப் புகாரில் என்ன எழுதுவது, எதைக் கேட்பது, எதை இணைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு மாதிரி வழக்கை வைத்துப் பார்க்கலாம்.

மாதிரி வழக்கு என்ன?

கும்பகோணத்தில் வசிக்கும் ஒருவர், 2024 ஏப்ரல் 10ஆம் தேதி திருச்சியில் உள்ள ஒரு கடையில் ரூ.36,000க்கு ஃப்ரிட்ஜ் வாங்குகிறார். வாரண்டி, ஃப்ரிட்ஜ் முழுமைக்கும் ஓராண்டு. டிசம்பர் 22ஆம் தேதி கூலிங் நின்றுவிடுகிறது. 24ஆம் தேதி வந்த சர்வீஸ் ஆள் கேஸ் நிரப்புகிறார். 2025 பிப்ரவரி 3ஆம் தேதி மீண்டும் கேஸ் நிரப்பப்படுகிறது. மார்ச் 20ஆம் தேதி கம்ப்ரஸரை மாற்றி, மூன்றாவது முறையாக கேஸ் நிரப்புகிறார்கள். மே 26ஆம் தேதி நான்காவது முறையாக அதே கோளாறு. இந்த முறை, ஏப்ரல் 9ஆம் தேதியுடன் வாரண்டி முடிந்துவிட்டதாகக் கூறி ரூ.6,800க்கு எஸ்டிமேட் கொடுக்கிறார்கள். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும். அந்த மருந்தை இத்தனை மாதமும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

எங்கே புகார் கொடுப்பது?

கடை திருச்சியில் இருந்தாலும் அவர் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்க அனுமதிக்கிறது. எனவே, தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அந்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. e-jagriti.gov.in தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

புகாருக்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இது கணக்கிடப்படும். அது எந்த நாள் என்பதில் எதிர்தரப்பு தகராறு செய்யலாம் என்பதால், வாங்கிய தேதியிலிருந்தே இரண்டு ஆண்டுகளைக் கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இந்த வழக்கில் 2026 ஏப்ரல் 9ஆம் தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிறுவனத்துக்கு மாறி மாறி மெயில் அனுப்பிக்கொண்டிருப்பதால் காலக்கெடு நீண்டுவிடாது.

யாரை எதிர்தரப்பாகச் சேர்ப்பது?

கடையை மட்டும் சேர்த்தால், "நாங்க விக்கிறவங்கதான், தயாரிப்புக் குறைபாட்டுக்கு கம்பெனிதான் பொறுப்பு" என்பார்கள். கம்பெனியை மட்டும் சேர்த்தால், சர்வீஸ் சரியில்லை என்ற பகுதி தொங்கலில் நிற்கும். அதனால் கடை, தயாரிப்பு நிறுவனம், சர்வீஸ் சென்டர் என மூவரையும் சேர்ப்பது வழக்கம். தயாரிப்பு நிறுவனத்தின் முகவரி வாரண்டி அட்டையில் இருக்கும்.

சம்பவ விவரம் எப்படி இருக்க வேண்டும்?

இங்குதான் பல புகார்கள் பலவீனமாகின்றன. "பலமுறை புகார் செய்தும் கண்டுகொள்ளவில்லை, மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்று பொதுவாக எழுதினால் ஆணையம் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு தேதி, ஒரு நிகழ்வு, அதற்கான இணைப்பு எண் என்ற மூன்றும் இருக்க வேண்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்:

"03.02.2025 அன்று 3ஆம் எதிர்தரப்பினரின் பணியாளர் என் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைப் பரிசோதித்து, கேஸ் குறைந்துள்ளதாகக் கூறி இரண்டாவது முறையாக நிரப்பினார். அதற்கான ஜாப் ஷீட் இணைப்பு 4 ஆகும்."

இதில் கோபமும் இல்லை, அடைமொழியும் இல்லை. ஆனால், எதிர்தரப்பால் இதை மறுக்கவும் முடியாது. அது அவர்களே எழுதிக் கொடுத்த காகிதம்.

ஜாப் ஷீட் ஏன் இவ்வளவு முக்கியம்?

எதிர்தரப்பு வழக்கமாக வைக்கும் வாதம், "தயாரிப்புக் குறைபாடு என்பதற்கு நிபுணர் அறிக்கை எங்கே?" என்பதுதான். ஒரு உதிரி பாகம் கெட்டால் அதை மாற்றிக் கொடுத்தால் போதும், முழுப் பொருளையும் மாற்ற வேண்டியதில்லை என்றும் சொல்வார்கள். கார் தொடர்பான ஒரு வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில், குறைபாடுள்ள பாகத்தை மாற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே, கோளாறு ஒரு பாகத்தோடு முடியவில்லை என்பதைப் புகார்தாரர்தான் காட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் உள்ள கேஸ் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. அடுப்பு கேஸ் போல அது எரிந்து தீர்ந்துபோகாது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அது மறுபடி வெளியேறிவிடும். பல மாடல்களில் குழாயின் ஒரு பகுதி சுவருக்குள், ஃபோம் நிரப்பிய இடத்தில் செல்கிறது. அங்கே கசிந்தால் வெளியிலிருந்து சரிசெய்வது மிகவும் கடினம்.

ஆக, மூன்று ஜாப் ஷீட்டுகளிலும் "கேஸ் நிரப்பப்பட்டது" என்று இருப்பதும், கம்ப்ரஸரை மாற்றிய பிறகும் அதே கோளாறு வந்ததும் சேர்ந்து ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. பிரச்சனை கம்ப்ரஸரில் இல்லை, கசிவை யாரும் சரிசெய்யவும் இல்லை. அதோடு, கோளாறு தொடங்கியது 2024 டிசம்பரில், அதாவது வாரண்டிக்குள். நான்காவது முறை வந்தது புதுக் கோளாறு அல்ல, தீர்க்கப்படாத பழைய கோளாறுதான். "வாரண்டி முடிந்துவிட்டது" என்ற பதிலுக்கு இதுவே மறுப்பு.

இருந்தாலும், குளிர்சாதனப் பிரிவில் தகுதி பெற்ற, அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் பரிசோதித்து எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்கி இணைப்பது புகாருக்கு பலம். பரிசோதனை இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால், உரிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் செலுத்த வேண்டியிருக்கும்.

இணைப்பு ஆவணங்கள் என்னென்ன?

இந்த வழக்கில் பட்டியல் இப்படி வரும்:

1. 10.04.2024 தேதியிட்ட பில்
2. வாரண்டி அட்டை
3. 24.12.2024 ஜாப் ஷீட்
4. 03.02.2025 ஜாப் ஷீட்
5. 20.03.2025 ஜாப் ஷீட் (கம்ப்ரஸர் மாற்றியது)
6. 26.05.2025 எஸ்டிமேட், ரூ.6,800
7. புகார் பதிவு எண்கள் வந்த எஸ்எம்எஸ்களின் நகல்
8. இன்சுலின் மருந்துச் சீட்டு
9. 10.06.2025 அன்று மூவருக்கும் அனுப்பிய நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட் ரசீது, டெலிவரி விவரம்
10. தனி டெக்னீஷியனின் பரிசோதனை அறிக்கை

நோட்டீஸ் அனுப்புவது சட்டப்படி கட்டாயம் அல்ல. ஆனால், பிரச்சனையைத் தீர்க்க எதிர்தரப்புக்கு வாய்ப்பு கொடுத்தோம் என்பதற்கு அது ஆதாரம். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் நகல்களை இணைக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியம் 2023இன் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது. கடை பில் தெர்மல் பேப்பரில் இருந்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து வைக்க வேண்டும்.

எந்தப் பரிகாரத்தைக் கேட்பது?

"உரிய நிவாரணம் வழங்க வேண்டும்" என்று மட்டும் எழுதக் கூடாது. முதலில் எது வேண்டும், அது இல்லாவிட்டால் எது என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இந்த வழக்கில் முதல் கோரிக்கை, விலையான ரூ.36,000ஐ ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தருவது. அது இல்லையென்றால், அதே வகையில் குறைபாடில்லாத புதிய ஃப்ரிட்ஜ். இவற்றோடு சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் ரூ.25,000 இழப்பீடு, வழக்குச் செலவாக ரூ.10,000. மூன்று எதிர்தரப்பினரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

இழப்பீடாக ரூ.5 லட்சம் கேட்பதால் அவ்வளவும் கிடைத்துவிடாது. கேட்கும் தொகைக்குக் காரணம் புகாருக்குள்ளேயே இருக்க வேண்டும். இன்சுலினை வெளியே வைத்து எடுத்த சிரமம் இங்கே உதவும். அதற்கு மருந்துச் சீட்டு ஆதாரமாக இருக்கிறது.

அதன் பிறகு என்ன நடக்கும்?

புகார் ஏற்கப்பட்டதும் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் தாக்கல் செய்ய 30 நாட்கள், தேவைப்பட்டால் கூடுதலாக 15 நாட்கள். அதற்கு மேல் அவகாசம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்தது. வழக்கை மூன்று மாதத்திலும், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட அதிக காலம் ஆவதும் உண்டு. தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாட்கள் அவகாசம். பணம் தர உத்தரவிடப்பட்ட தரப்பு மேல்முறையீடு செய்தால், அதில் பாதியை முதலில் டெபாசிட் செய்ய வேண்டும்.

வழக்கைக் கெடுக்கும் மூன்று தவறுகள்

முதலாவது, ஓடிபி. வேலை முடிந்ததும், "ஓடிபி சொல்லுங்க மேடம், கம்ப்ளைன்ட் க்ளோஸ் பண்ணணும்" என்று கேட்பார்கள். அதைச் சொன்னதும் கம்பெனி பதிவில் 'பிரச்சனை தீர்ந்தது' என்று ஏறிவிடும். கூலிங் ஆகிறதா என்று பார்க்காமல் ஓடிபி கொடுக்கக் கூடாது. இரண்டாவது, ஜாப் ஷீட்டில் படிக்காமல் கையெழுத்து போடுவது. அதில் 'திருப்தி' என்று டிக் ஆகியிருந்தால் அதுவே எதிர்தரப்பின் ஆவணமாக மாறும். கோளாறு இருந்தால், கையெழுத்துக்கு மேலேயே 'கூலிங் இன்னும் சரியாகவில்லை' என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பொறுமை இழந்து பழைய ஃப்ரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது. பரிசோதிக்கப் பொருளே இல்லாமல் போனால் குறைபாட்டை நிரூபிப்பது கஷ்டம். பணத்தைத் திருப்பித் தர உத்தரவிடும்போது பழைய பொருளை ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. வேறு ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், தீர்ப்பு வரும்வரை பழையது வீட்டிலேயே இருக்கட்டும்.