காணாமல் போன அரை மணியும் 12 மணிக் குழப்பமும்

1981 டிசம்பர் 31-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் இருபத்து மூன்றரை மணி நேரம்தான் இருந்தது. அன்றிரவு மணி 11.30 ஆனதும் முள்ளை அரை மணி முன்னே தள்ளி, நள்ளிரவு 12 என்று வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு நாமும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக. அப்போது பிரதமர் நம் அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர். அதுவரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்த நாம், எட்டு மணி முன்னால் ஆனோம். தோட்டத்தில் விடிகாலை பெரட்டுக்குப் போனவர்களுக்கு, புதுக் கடிகாரத்தில் ஆறு மணி என்பது பழைய ஐந்தரை. வெளிச்சம் மட்டும் பழையபடிதான் வந்தது.

ஆக, அன்றிரவு 11.45 பி.எம். என்ற நேரமே இங்கு வரவில்லை. அடுத்து வந்தது 12.00 ஏ.எம்., தேதி ஜனவரி 1.

இங்கேதான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஏ.எம். என்பது நண்பகலுக்கு முன், பி.எம். என்பது நண்பகலுக்குப் பின். சரியாக நண்பகல் 12 இரண்டிலுமே சேராது. வழக்கத்தில் அதை 12 பி.எம். என்றும், நள்ளிரவை 12 ஏ.எம். என்றும் எழுதுகிறோம். "பி.எம். என்றால் 12 கூட்டு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், 12.30 பி.எம்.-ஐ பிள்ளை 2430 என்று எழுதிவிடும். 12-இல் தொடங்கும் பி.எம். நேரத்தில் எதையும் கூட்டக்கூடாது, அது 1230. 12-இல் தொடங்கும் ஏ.எம். நேரத்தில் 12-ஐக் கழிக்கணும், 12.30 ஏ.எம். 0030 ஆகும். விடை 2359-ஐத் தாண்டினால் எங்கோ தவறு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் 1975 மார்ச் 10, 12.20 ஏ.எம்.-க்கு ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். ஜாதகம் கணிக்க இந்திய நேரம் வேண்டும். 12.20 ஏ.எம். என்பது 0020. அன்றைய நம் நேரம் இந்தியாவைவிட இரண்டு மணி முன்னால், ஆகவே இரண்டு மணி கழிக்கணும். 0020-இல் கழிக்க முடியாது. முந்திய நாளிலிருந்து 24 மணி கடன் வாங்கினால் 2420, அதில் 2 மணி போக 2220. விடை மார்ச் 9, இரவு 10.20.

ஏ.எம்.-ஐ நண்பகலாக எடுத்தவருக்கு மார்ச் 10 காலை 10.20 வரும், பன்னிரண்டு மணி நேரப் பிழை. ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், ஆனால் கழித்தல் சரியாக இருக்கணுமே! இன்றைய இரண்டரை மணி வித்தியாசத்தைப் பழைய தேதிக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது விடை 9.50 என்று அரை மணி பிசகும்.

"டிசம்பர் 31 நள்ளிரவு 12" என்று கேள்வித்தாளில் எழுதினால், அந்த நாளின் தொடக்கமா முடிவா என்று யாருக்கும் தெரியாது. நான் 31-ஆம் தேதி 2359 என்றோ, 1-ஆம் தேதி 0000 என்றோதான் எழுதுவேன்.