டொலரில் விற்று ரூபாவில் வாழும் மிளகு வியாபாரம்: மாற்று வீதத்தைப் பூட்டுவதா, திறந்து விடுவதா?

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் பலாபத்வல வரும். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ விளையும் பகுதி இது. இங்கு காயவைத்துச் சாக்கில் கட்டப்படும் மிளகு கொழும்புத் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. விலைப்பட்டியல் டொலரில் எழுதப்படுகிறது. ஆனால் மிளகைக் கொண்டுவந்த விவசாயிக்கும், சுத்தம் செய்த தொழிலாளிக்கும், லொறிக்காரருக்கும் கொடுப்பது ரூபா. இந்த இரண்டு நாணயங்களுக்கும் இடையே உள்ள சில வாரங்களில் வியாபாரத்தின் இலாபம் முழுவதும் கரைந்துபோகலாம்.

2022 மார்ச்சில் ரூபா சரிந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதுவரை 203 ரூபாவுக்குள் பிடித்துவைக்கப்பட்டிருந்த டொலர், மார்ச் 7ஆம் திகதி தளர்த்தப்பட்டு, மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஏற்றுமதியாளரை அடித்தது ஓராண்டு கழித்து நடந்த நேர்மாறான சம்பவம். 2023 மார்ச் தொடக்கத்தில் ரூபா திடீரென வலுப்பெற்றது. மத்திய வங்கியின் கணக்குப்படி, 2022இல் 44.8 வீதம் வீழ்ந்த ரூபா 2023இல் 12.1 வீதமும் 2024இல் 10.7 வீதமும் மேலேறியது. நாட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் சரக்கை அனுப்பிவிட்டு டொலருக்குக் காத்திருந்தவருக்கு அது நட்டம்.

ஒரு கொள்கலனின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்த நிறுவனத்தினதும் கணக்கு அல்ல. அளவுகளும் விலைகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மாற்று வீதங்கள் மட்டும் அந்தக் காலத்தில் நிலவியவற்றை ஒட்டியவை.

2023 ஜனவரியில் பலாபத்வல ஏற்றுமதியாளர் ஒருவர் 12 தொன் கறுப்பு மிளகை, கிலோ நாலரை டொலர் விலையில், 54,000 டொலருக்கு விற்க ஒப்பந்தம் செய்கிறார். கப்பலேறி 60 நாட்களில் பணம் வரும். வெளிநாட்டு முகவருக்கான கழிவு, ஆய்வுகூடக் கட்டணம் போன்றவற்றுக்கு 4,000 டொலரை டொலராகவே கொடுக்க வேண்டும். ஆகவே ரூபாவாக மாற்றப்பட வேண்டியது 50,000 டொலர். ஆபத்தில் இருப்பது இந்தத் தொகைதான். விலைப்பட்டியலில் உள்ள 54,000 அல்ல. டொலரில் வருவதையும் டொலரில் போவதையும் கழித்துப் பார்ப்பதுதான் முதல் படி.

அடுத்தது ரூபாச் செலவு. 12,500 கிலோ மிளகை 1,300 ரூபாப்படி வாங்குகிறார். புடைத்துத் தரம் பிரித்தால் 500 கிலோ கழிந்துபோகும். அதற்கு 1 கோடி 62 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. கூலி, சாக்கு, போக்குவரத்துக்கு 6 இலட்சத்து 50 ஆயிரம். வங்கிக் கடனுக்கான வட்டி 5 இலட்சம். மொத்தம் 1 கோடி 74 இலட்சம் ரூபா.

வங்கியின் கொள்வனவு வீதம் 360 ரூபா என்றால், 50,000 டொலருக்கு 1 கோடி 80 இலட்சம் கிடைக்கும். இலாபம் 6 இலட்சம். இங்கு ஒரு கவனம் தேவை. செய்தியில் சொல்லப்படும் நடுவீதமோ விற்பனை வீதமோ ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பதில்லை. அவர் வங்கிக்கு டொலரை விற்கிறார். ஆகவே கொள்வனவு வீதமே அவருடையது. சந்தை கலங்கியிருக்கும் நாட்களில் இரண்டுக்கும் இடையில் பத்து ரூபாவுக்கும் மேல் இடைவெளி வரும்.

இப்போது 1 கோடி 74 இலட்சத்தை 50,000ஆல் வகுத்தால் 348 வரும். இதுதான் இந்தக் கொள்கலனின் சமநிலை வீதம். டொலர் 348க்குக் கீழே போனால் கைநட்டம். அவருக்கு இருக்கும் இடம் வெறும் 12 ரூபா. ஒவ்வொரு ரூபா இறக்கத்துக்கும் 50,000 ரூபா போகிறது. மார்ச் கடைசியில் பணம் வந்தபோது வங்கி 320 ரூபா கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 1 கோடி 60 இலட்சம். 6 இலட்சம் இலாபம் 14 இலட்சம் நட்டமாக மாறிவிட்டது. மிளகின் தரத்திலோ, வாங்கியவரின் நாணயத்திலோ எந்தக் குறையும் இல்லை.

ஆபத்து எப்போது தொடங்குகிறது?

ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்துதான் மாற்று வீத ஆபத்து தொடங்குகிறது என்று பலர் எண்ணுவதுண்டு. மிளகு வியாபாரத்தில் அது சரியல்ல. உள்ளூர் மிளகு விலை பெரும்பாலும் உலக விலையையும் டொலரையும் தொடர்ந்தே நகர்கிறது. டொலர் இறங்கினால், சில நாட்களில் தோட்டவாசல் விலையும் இறங்கும். ஒப்பந்தம் செய்துவிட்டு இன்னும் மிளகு வாங்காதவருக்கு வருமானமும் செலவும் சேர்ந்தே குறைகின்றன. இது இயல்பான பாதுகாப்பு. (உலகச் சந்தையில் மிளகு விலையே ஏறிவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார், ஆனால் அது வேறு ஆபத்து.)

ரூபாவைக் கொடுத்து மிளகை வாங்கிய நாளில் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகிறது. செலவு ரூபாவில் உறைந்துவிட்டது; வருமானம் இன்னும் டொலரில் மிதக்கிறது. டொலர் வங்கியில் ரூபாவாக மாறும் நாளில் ஆபத்து முடிகிறது. ஆகவே தன் நிலையை அறிய விரும்புபவர் ஒரு கொப்பியில் மூன்று திகதிகளை எழுதினால் போதும்: மிளகுக்குப் பணம் கொடுத்த நாள், கப்பலேறிய நாள், பணம் வரவேண்டிய நாள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே எத்தனை டொலர் நிற்கிறது என்பதே அவருடைய திறந்த நிலை. களஞ்சியத்தில் ஒப்பந்தமின்றிக் கிடக்கும் மிளகும் இதில் சேரும். அதுவும் ஒருவகையில் டொலர்தான்.

டொலர் ஏறும்வரை அதை வங்கியிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். 2021 ஒக்டோபரில் மத்திய வங்கி வெளியிட்ட விதிகள் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டன. அவற்றின்படி, ஏற்றுமதி வருமானம் 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும். அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவுகள் போக மீதியை அடுத்த மாதம் 7ஆம் திகதிக்குள் ரூபாவாக மாற்ற வேண்டியிருந்தது. இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. இன்றைய நிலையை வங்கியில் கேட்டறிய வேண்டும். ஆனால் காத்திருப்பது ஒரு திட்டமாகாது என்பது தெளிவு.

பூட்டுவது என்றால் என்ன?

வங்கிகளில் ‘ஃபோர்வர்ட்’ என்று சொல்லப்படும் ஒப்பந்தம் இதற்கான எளிய கருவி. மூன்று மாதம் கழித்து வரும் இத்தனை டொலரை இந்த வீதத்துக்கு வங்கிக்கு விற்கிறேன் என்று இன்றே உறுதி செய்வது. அந்த வீதம் டொலர் எங்கே போகும் என்ற ஆருடம் அல்ல. அது இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசத்திலிருந்து வருவது. இன்றைய வீதம் 300, ரூபா வட்டி ஆண்டுக்கு 8 வீதம், டொலர் வட்டி 4 வீதம் என்று கொண்டால், மூன்று மாதத்துக்கு ரூபா 2 வீதமும் டொலர் 1 வீதமும் வளரும். 300 × 1.02 ÷ 1.01 = 303 ரூபா அளவில் வரும். ரூபா வட்டி கூடியிருக்கும்வரை ஏற்றுமதியாளருக்குக் கணக்கின்படி இன்றைய வீதத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்க வேண்டும். வங்கி தன் கழிவை எடுத்துக்கொண்டு அதைவிடக் குறைவாகச் சொல்லும். எவ்வளவு குறைவு என்பதை இந்தக் கணக்கை வைத்து அளக்கலாம். இரண்டு வங்கிகளிடம் கேட்டால் இன்னும் தெளியும்.

டொலரில் முன்கடன் வாங்கி, அதை இன்றே ரூபாவாக மாற்றி மிளகு வாங்குவது இன்னொரு வழி. வரும் ஏற்றுமதிப் பணம் அந்தக் கடனை அடைக்கும். விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குபவரிடம் முற்பணம் கேட்பதும், 60 நாளை 30 ஆகக் குறைப்பதும் வங்கியே இல்லாமல் ஆபத்தைச் சுருக்கும் வழிகள்.

எவ்வளவு பூட்டுவது?

முழுவதையும் பூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 சாட்சி. அந்த பெப்ரவரியில் 203 ரூபா அளவில் மூன்று மாத ஒப்பந்தம் செய்திருந்தால், டொலர் 360 விற்கும்போது 203க்குக் கொடுத்திருக்க வேண்டும். செலவு பழைய ரூபாவில் என்பதால் ஏட்டில் இலாபம் இருக்கும். ஆனால் அடுத்த கொள்கலனுக்கு மிளகு வாங்கப் போகும்போது விலை எகிறியிருக்கும். அதே முதலில் முக்கால் பங்கு மிளகுகூட வாங்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கப்பல் தாமதமானால், சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால், வாங்குபவர் பணம் தராவிட்டால், வங்கிக்குக் கொடுக்க டொலர் இருக்காது. சந்தையில் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே உறுதியான ஒப்பந்தம் இல்லாத சரக்கைப் பூட்டுவது பாதுகாப்பு அல்ல, பந்தயம்.

இடையில் ஒரு அளவு இருக்கிறது. அதையும் கணக்கே சொல்லும். நம் கொள்கலனுக்கே திரும்புவோம். 360இல் பூட்ட முடிந்தது என்றும், தாங்கமுடியாத நிலை 320 என்றும் வைப்போம். பாதியை, அதாவது 25,000 டொலரைப் பூட்டியிருந்தால் 14 இலட்சம் நட்டம் 4 இலட்சமாகக் குறைந்திருக்கும். 35,000ஐப் பூட்டியிருந்தால் 1 கோடி 26 இலட்சமும், திறந்த 15,000 டொலருக்கு 48 இலட்சமும் வரும். மொத்தம் 1 கோடி 74 இலட்சம். செலவுக்குச் சரியாக ஈடு. ஆக, 70 வீதத்தைப் பூட்டினால் முதல் தப்புகிறது. டொலர் ஏறினால் மீதி 30 வீதத்தில் பயனும் கிடைக்கிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘டொலர் ஏறுமா இறங்குமா’ என்பதல்ல. எவ்வளவு இறங்கினால் என் முதல் போகும், அந்த இறக்கத்தை என்னால் தாங்க முடியுமா என்பதே. இலாபவிகிதம் 20 வீதமாக உள்ள, கடனில்லாத, வாரத்துக்கு வாரம் வாங்கி அனுப்பும் ஒருவர் திறந்து விடுவது நியாயமான முடிவு. மூன்று வீத இலாபத்தில், வங்கிக் கடனில், மூன்று மாதம் காத்திருப்பவர் திறந்து விடுவது நியாயமல்ல.

கருவி எப்போதும் கையில் இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2021 ஜனவரியில் ரூபா அழுத்தத்தில் இருந்தபோது, மூன்று மாதங்களுக்கு இத்தகைய ஒப்பந்தங்களைச் செய்ய வேண்டாமென மத்திய வங்கி வங்கிகளைப் பணித்தது. சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில்தான் வங்கியில் இதற்கான வரம்பைப் பெற்று வைக்க முடியும்.

இந்தக் கணக்கில் வராத ஒருவர் இருக்கிறார். ஏற்றுமதியாளர் நட்டத்தைத் தாங்க முடியாதபோது, அடுத்த கொள்வனவில் கிலோவுக்கு நூறு ரூபா குறைத்துக் கேட்பார். விலை ஏறும் என்று இரண்டு சாக்கு மிளகை வீட்டில் வைத்திருக்கும் பலாபத்வல விவசாயி, டொலர் நோட்டைக் கண்ணால் காணாமலே டொலரை வைத்திருக்கிறார். அவருக்கு எந்த வங்கியும் வீதத்தைப் பூட்டித் தருவதில்லை. அவர் செய்யக்கூடியது, கையிருப்பை ஒரே நாளில் விற்காமல் பல தடவையாகப் பிரித்து விற்பது மட்டும்தான்.