ஏறிய குறியீடு, இறங்கிய பங்குகள்: ‘சந்தை அகலம்’ என்ற அளவையின் வரலாறும் 2018-ம்

2018 டிசம்பர் 31 அன்று தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 10,862 புள்ளிகளில் முடிந்தது. முந்தைய ஆண்டின் முடிவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3 சதவீத ஏற்றம். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறியிருந்தது. அதே ஓராண்டில் நடுத்தர நிறுவனங்களுக்கான நிஃப்டி மிட்கேப் 100 குறியீடு சுமார் 15 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கான ஸ்மால்கேப் 100 குறியீடு சுமார் 29 சதவீதமும் இறங்கின. செய்தித்தாளில் ‘சந்தை ஏறியது’ என்று படித்தவர்களில் பலர் தங்கள் கையிருப்பைப் பார்த்துக் குழம்பிய ஆண்டு அது. இரண்டு கணக்குமே சரியானவைதான். ஆனால் அவை வேறுவேறு கேள்விகளுக்கான விடைகள். அந்த இரு கேள்விகளும் எப்போது, எப்படிப் பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியீட்டெண் முதலில் ஓர் எளிய சராசரியாகத்தான் பிறந்தது. 1896 மே 26 அன்று சார்லஸ் டௌ தம்முடைய தொழில்துறைச் சராசரியை வெளியிட்டபோது, 12 பங்குகளின் விலையைக் கூட்டி 12-ஆல் வகுத்தார். விடை 40.94. இந்த முறையில் நிறுவனத்தின் அளவுக்கு இடமே இல்லை. நூறு டாலருக்கு விற்கும் சிறு நிறுவனத்தின் பங்கு, பத்து டாலருக்கு விற்கும் பெரு நிறுவனத்தின் பங்கைவிடப் பத்து மடங்கு சராசரியை அசைக்கும். இந்தக் குறையைத் தீர்க்க 1920-களில் ஸ்டாண்டர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிறுவனம் சந்தை மதிப்பின் அடிப்படையில் எடை தரும் குறியீடுகளை உருவாக்கியது. விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பதே சந்தை மதிப்பு. அந்த வழியில்தான் 1957 மார்ச்சில் எஸ் அண்ட் பி 500 பிறந்தது.

சந்தை மதிப்பு எடை அறிவுக்கு ஒத்துவருகிற முறை. நாட்டில் பங்குகளில் முடங்கியிருக்கும் மொத்தப் பணம் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் அதற்கு நேரான விடை அதுதான். ஆனால் அந்த ஒரு தீர்வோடு இன்னொரு கேள்வி கைநழுவிப் போயிற்று: எத்தனை பங்குகள் ஏறின? அதற்கான விடையைத்தான் ‘சந்தை அகலம்’ என்கிறோம்.

அந்தக் கேள்வியைத் தனியாக எடுத்து எண்ணத் தொடங்கியவர்களாகப் பொதுவாகக் குறிக்கப்படுபவர்கள் கிளீவ்லாந்து டிரஸ்ட் நிறுவனத்தின் பொருளியலாளர் லெனார்டு ஏர்ஸும் அவருடைய சக ஆய்வாளர் ஜேம்ஸ் ஹியூஸும். 1926 வாக்கில் அவர்கள் செய்தது மிக எளிமையானது. ஒரு நாளில் ஏறிய பங்குகளின் எண்ணிக்கையிலிருந்து இறங்கியவற்றின் எண்ணிக்கையைக் கழிப்பது. கிடைத்த மீதியை நேற்று வரையான கூட்டுத்தொகையோடு சேர்ப்பது. இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே போனால் வரும் கோடுதான் இன்றும் ‘அட்வான்ஸ்–டிக்ளைன் கோடு’ என்று அழைக்கப்படுகிறது. இதில் பெரிய நிறுவனத்துக்கும் ஒரு வாக்கு, சிறிய நிறுவனத்துக்கும் ஒரு வாக்கு. எவ்வளவு ஏறியது என்பதும் கணக்கில் வராது. பத்துக் காசு ஏறினாலும் ஏற்றம்தான். 1960-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் போன்ற சந்தை மடல் எழுத்தாளர்கள் இதைப் பரவலாக்கினார்கள்.

இரண்டு அளவைகளும் எப்படிப் பிரிகின்றன என்பதைச் சிறு கணக்கொன்றால் காட்டலாம். ஒரு குறியீட்டில் 10 நிறுவனங்கள், மொத்த மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெரிய நிறுவனங்கள் தலா 300 கோடி. மீதி எட்டும் தலா 50 கோடி. பெரிய இரண்டும் 10 சதவீதம் ஏறினால் 60 கோடி கூடுகிறது. சிறிய எட்டும் 10 சதவீதம் இறங்கினால் 40 கோடி குறைகிறது. நிகரமாக 20 கோடி கூடியதால் குறியீடு 2 சதவீதம் ஏற்றம் காட்டும். பத்துக்கும் சம எடை கொடுத்துச் சராசரி எடுத்தால் 6 சதவீத இறக்கம். அகலக் கணக்கிலோ ஏறியவை 2, இறங்கியவை 8. இதில் மாயமோ மோசடியோ ஒன்றும் இல்லை. 2 சதவீத ஏற்றம் என்பது அந்த ஆயிரம் கோடிப் பணத்தின் அனுபவம். எட்டுக்கு இரண்டு என்பது பத்துப் பங்குகளின் அனுபவம்.

இந்தியாவில் சென்செக்ஸ் 1986 ஜனவரியில் வெளிவந்தபோதே சந்தை மதிப்பு எடைதான். 2003 செப்டம்பரில் அது ‘ஃப்ரீ ஃப்ளோட்’ முறைக்கு மாறியது. அதாவது நிறுவனர்களும் அரசும் கையில் இறுக்கி வைத்திருக்கும் பங்குகளை விலக்கி, சந்தையில் உண்மையில் கைமாறக்கூடிய பங்குகளுக்கு மட்டும் எடை. நிஃப்டி 2009 ஜூனில் அதே வழிக்கு வந்தது. இந்த மாற்றத்தால் அரசுக் கைவசம் பெரும்பகுதி இருந்த பொதுத்துறை நிறுவனங்களின் எடை குறைந்தது. நிறுவனர் பங்கு குறைவாக உள்ள பெரிய தனியார் வங்கிகளின் எடை கூடியது. 2018-ஐப் புரிந்துகொள்ள இது அவசியம்.

அந்த ஆண்டு சந்தையைத் தாங்கியவை எவை? டிசிஎஸ் சுமார் 40 சதவீதம் ஏறியது, இன்ஃபோசிஸ் கால்பங்குக்கு மேல். ரூபாய் சரிந்து அக்டோபரில் டாலருக்கு 74-ஐத் தாண்டியதால், டாலரில் சம்பாதிக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு அது லாபமாக முடிந்தது. இந்துஸ்தான் யூனிலீவர் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. ரிலையன்ஸ் 20 சதவீதத்துக்கு மேல். எடையில் முதல் வரிசையில் இருந்த எச்டிஎஃப்சி வங்கி 13 சதவீதம். அதே நிஃப்டிக்குள்ளேயே டாடா மோட்டார்ஸ் 60 சதவீதமும் யெஸ் வங்கி 40 சதவீதத்துக்கு மேலும் வீழ்ந்தன. ஆனால் ஏறியவற்றின் எடை கூடுதல், அதனால் குறியீடு நின்றது.

சிறு பங்குகள் ஏன் விழுந்தன என்பதற்கு ஒரே காரணம் சொல்வது கடினம். 2017-ல் அவை அளவு மீறி ஏறியிருந்தன என்பதே என் கணிப்பில் முதல் காரணம். அதன்மேல் விதி மாற்றங்கள் வந்து விழுந்தன. 2017 அக்டோபரில் செபி மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களை வகைப்படுத்தியது: சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், அதற்குக் கீழே ஸ்மால்கேப். லார்ஜ்கேப் திட்டம் என்று பெயர் வைத்தால் பணத்தில் 80 சதவீதமாவது முதல் நூறில் இருக்க வேண்டும். அதுவரை பெயரில் பெரியதும் பையில் சிறியதுமாக இருந்த திட்டங்கள் கைமாற்ற வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 10 சதவீத வரி வந்தது. மார்ச்சில் தொடங்கிய கூடுதல் கண்காணிப்பு முறையில் சிக்கிய பங்குகளுக்கு நூறு சதவீத மார்ஜினும் 5 சதவீத விலை வரம்பும் விதிக்கப்பட்டன. வாங்க ஆள் குறைந்த இடத்தில் விற்க வந்தவர்கள் அதிகம். செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பித் தர முடியாமல் போனதும், குறுகிய காலக் கடனை நம்பியிருந்த நிதி நிறுவனங்களும் ஆட்டம் கண்டன.

இந்த வரிசையில் ஆய்வாளருக்குச் சுவையான தேதி ஆகஸ்ட் 28. அன்று நிஃப்டி 11,738 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது; ஜனவரி உச்சமான 11,130-ஐ விட 600 புள்ளி மேலே. ஆனால் மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள் தங்கள் ஜனவரி உச்சத்தை நெருங்கக்கூட இல்லை. ஏர்ஸ் கையாண்ட அளவையின் மொழியில் இது ‘விலகல்’: குறியீடு புது உச்சம், அகலம் பழைய உச்சத்துக்குக் கீழே. அடுத்த இரண்டு மாதத்தில் நிஃப்டி 10,030 வரை இறங்கியது. அகலத்தை நம்புகிறவர்கள் ‘முன்பே மணியடித்தது’ என்பார்கள்.

அங்கேதான் நான் முரண்படுகிறேன். நிஃப்டி அக்டோபர் தாழ்விலிருந்து மீண்டு 2019-ல் மேலும் 12 சதவீதம் ஏறியது. சிறு பங்குகள் அந்த ஆண்டும் இறங்கின. அதாவது விலகல் ஒரு முறை மணியடித்துவிட்டு, அதற்குப்பின் ஓராண்டுக்கு மேல் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. நியூயார்க் பங்குச் சந்தையின் அட்வான்ஸ்–டிக்ளைன் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டுத் திரும்பியது. எஸ் அண்ட் பி 500 உச்சம் தொட்டதோ 2000 மார்ச் 24-ல், 1,527 புள்ளிகளில். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1998-லேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியவர் கோட்பாட்டில் வென்றார், கையில் தோற்றார். அதைவிட வியப்பு, 2000-ல் தொழில்நுட்பப் பங்குகள் சரியத் தொடங்கியபோது விலை மலிந்து கிடந்த பல சிறு பங்குகள் ஏறின. அகலம் கூடியபோதே குறியீடு இறங்கியது. மெலிந்த அகலம் எல்லாமே நோயின் அறிகுறி அல்ல.

அளவையிலேயே குறைகளும் உண்டு. நியூயார்க்கில் பட்டியலிடப்பட்டவற்றில் கடன்பத்திர நிதிகளும் முன்னுரிமைப் பங்குகளும் கலந்திருப்பதால், வட்டி விகிதம் குறைந்தாலே அகலக் கோடு ஏறிவிடும். மும்பையில் வர்த்தகமாகும் ஆயிரக்கணக்கான பங்குகளில் பல, நாளுக்குச் சில நூறு பங்குகள் மட்டுமே கைமாறுபவை. அவற்றுக்கும் ரிலையன்ஸுக்கும் ஒரே வாக்கு. ஆகவே இந்தியாவில் அகலம் பார்ப்பவர்கள் முழுப் பட்டியலை விட நிஃப்டி 500-க்குள் எண்ணிப் பார்ப்பதே நல்லது. அதில் 200 நாள் சராசரி விலைக்கு மேல் இருப்பவை எத்தனை என்று பார்ப்பதும் அன்றாட ஏற்ற இறக்கத்தை எண்ணுவதைவிட நிதானமான அளவு.

அகலம் குறைவதற்கு இன்னும் ஒரு காரணம் அடியில் இருக்கிறது. அது எந்தப் பதற்றமும் இல்லாத ஆண்டிலும் வேலை செய்யும். ஒரு பங்கு அதிகபட்சம் 100 சதவீதம்தான் இறங்க முடியும், ஏறுவதற்கு வரம்பில்லை. எனவே ஒருசில பங்குகள் பல மடங்காகும்போது சராசரி மேலே போகும், பெரும்பாலானவை அந்தச் சராசரிக்குக் கீழே நிற்கும். ஹெண்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 1926 முதல் 2016 வரை அமெரிக்கப் பங்குகளை எடுத்துப் பார்த்தார். ஏழில் நான்கு பங்குகள் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து ஒரு மாத அரசு கருவூல உண்டியல்கள் தந்த அளவுகூடத் தரவில்லை. சந்தை மொத்தமாக உருவாக்கிய நிகர செல்வம் முழுவதும் 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. அகலக் குறைவு பெரிதும் பங்குகளின் இயல்பே என்று இதிலிருந்து தெரிகிறது. குறியீட்டுக்கு ஓர் ஒத்தாசையும் உண்டு: தேய்ந்த பங்கை அது வெளியே தள்ளிவிடும். 2019 டிசம்பரில் சென்செக்ஸிலிருந்தும் 2020 மார்ச்சில் நிஃப்டியிலிருந்தும் யெஸ் வங்கி நீக்கப்பட்டது. அதைக் கையில் வைத்திருந்தவருக்கு அப்படிப்பட்ட வழி கிடையாது.

ஸ்மால்கேப் 100 குறியீடு தன் 2018 ஜனவரி உச்சத்தை மீண்டும் தொட்டது 2021-ல்தான். அப்போது நிஃப்டி 15,000-ஐக் கடந்திருந்தது.